வேற்றுமை உருபுகளின் கதை – 6: மூன்று வேற்றுமைக்கு ஒரே வடிவம்

சமஸ்கிருதம் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் 'ராம' என்ற சொல்லின் அட்டவணையைத்தான். வேற்றுமை எட்டு, ஒருமை, இருமை, பன்மை என எண் மூன்று, ஆகக் கட்டங்கள் 24. ஆனால் அவற்றில் உள்ள வெவ்வேறு வடிவங்களை எண்ணிப் பார்த்தால் 17தான் தேறும். ஒருமையில் எட்டு வேற்றுமைக்கும் எட்டு வடிவங்கள் இருக்கின்றன. பன்மையில் அது ஆறாகக் குறைகிறது: முதல் வேற்றுமையும் விளியும் ஒன்றாகின்றன, நான்காம், ஐந்தாம் வேற்றுமைகளுக்கு 'ராமேப்ய:' என்ற ஒரே வடிவம். இருமையில் மூன்றே மூன்று. 'ராமௌ' முதல், இரண்டாம், விளி வேற்றுமைகளுக்கு. 'ராமாப்யாம்' மூன்றாம், நான்காம், ஐந்தாம் வேற்றுமைகளுக்கு. 'ராமயோ:' ஆறாம், ஏழாம் வேற்றுமைகளுக்கு. இந்தச் சேர்க்கைக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்குக்குக் காரணமும் உண்டு என்பதே இந்த வாரம் நான் நிறுவ விரும்புவது.

தமிழோடு ஒப்பிட்டால் காரணம் பிடிபடும். 'மரத்தை', 'மரங்களை' இரண்டிலும் வேற்றுமையைக் காட்டுவது அதே 'ஐ'. பன்மையை உணர்த்தும் 'கள்' தனியே நிற்கிறது. ஒருமையில் கற்ற உருபு பன்மைக்கும் அப்படியே உதவுகிறது. சமஸ்கிருதத்திலோ எண்ணும் வேற்றுமையும் ஒரே விகுதியில் கரைந்துவிட்டன. 'ராமஸ்ய' தெரிந்தவர் அதை வைத்து 'ராமாணாம்' என்ற பன்மையை ஊகிக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டுத்தான் நினைவில் நிறுத்த வேண்டும். அடிக்கடி காதில் விழும் வடிவம் நிலைக்கும். அரிதாக விழுவது பக்கத்து வடிவத்தோடு கலந்துவிடும். பேச்சில் ஒருமை மிகுதி, பன்மை குறைவு, இருமை அதைவிட அரிது. எட்டு, ஆறு, மூன்று என்ற இறங்குவரிசை அதைத்தான் காட்டுகிறது.

ஒலிகள் தேய்ந்ததால் தற்செயலாக வந்த ஒற்றுமைதானே இது என்று கேட்கலாம். சில இடங்களில் அது உண்மை. லத்தீனில் 'எஜமானன்' என்னும் சொல்லின் நான்காம் வேற்றுமை முன்பு 'தொமினோய்', ஐந்தாம் வேற்றுமை 'தொமினோத்'. ஈற்று ஒலிகள் உதிர்ந்ததும் இரண்டும் 'தொமினோ' ஆயின. ஆனால் அதே மொழியின் பன்மையைப் பாருங்கள். 'எஜமானர்களுக்கு', 'எஜமானர்களிடமிருந்து' இரண்டுக்கும் 'தொமினீஸ்'. 'அரசர்களுக்கு', 'அரசர்களிடமிருந்து' இரண்டுக்கும் 'ரேகிபுஸ்'. 'ஈஸ்' என்ற விகுதி, சமஸ்கிருதத்தில் மூன்றாம் வேற்றுமையாக மட்டும் வரும் 'ராமை:' என்பதன் ஈற்றுக்கு உறவு. 'புஸ்' என்பது 'ப்ய:' என்பதற்கு உறவு. பிறப்பு வேறு, ஒலி வேறு. ஆனாலும் இரண்டும் ஆளும் எல்லை ஒன்றே. ஒலித்தேய்வு ஒரு விகுதியை இன்னொன்றைப் போல ஆக்கலாம். ஒன்றையொன்று ஒத்திராத இரு விகுதிகளுக்கு ஒரே எல்லையை அது வகுத்துத் தராது. தற்செயலா, அமைப்பா என்று பிரித்தறிய இதைவிடத் தெளிவான சோதனை இல்லை.

பன்மையில் 'கு'வுக்கும் 'இருந்து'வுக்கும் வேறுபாடே தேவைப்படவில்லை போலும் என்பது அடுத்த மறுப்பு. இதற்குச் சமஸ்கிருதமே பதில் சொல்கிறது. 'எங்களுக்கு' என்றால் 'அஸ்மப்யம்', 'எங்களிடமிருந்து' என்றால் 'அஸ்மத்'. 'உங்களுக்கு' என்பது 'யுஷ்மப்யம்', 'உங்களிடமிருந்து' என்பது 'யுஷ்மத்'. பெயர்ச்சொற்கள் பன்மையில் கைவிட்ட வேறுபாட்டைத் தன்மை, முன்னிலைச் சொற்கள் காத்து வைத்திருக்கின்றன. இவை நாள்தோறும் வாயில் புழங்கும் சொற்கள். பொருள் வேறுபாடு எல்லாச் சொற்களுக்கும் பொதுவானதுதான். வடிவ வேறுபாட்டைக் காப்பாற்றியது புழக்கம்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு 'அக்னி' என்ற சொல்லிலிருந்து வருகிறது. அதன் ஒருமையிலேயே ஐந்தாம், ஆறாம் வேற்றுமைகள் 'அக்னே:' என்று ஒன்றாகிவிடுகின்றன. பன்மையிலோ அவை 'அக்னிப்ய:', 'அக்னீனாம்' என்று பிரிந்து நிற்கின்றன. ஒருமையே எப்போதும் தெளிவானது என்ற எளிய விதி இங்கே உடைகிறது. எனவே என் வாதத்தின் எல்லையைச் சரியாகச் சொல்ல வேண்டும். எந்த இரண்டு வேற்றுமைகள் சேரும் என்பதைப் புழக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அங்கே மரபாக வந்த பழைய வடிவங்களுக்கும் பங்கு உண்டு. எத்தனை வடிவங்கள் மிஞ்சும் என்பதில்தான் புழக்கத்தின் கை ஓங்குகிறது. 'அக்னி'யின் மொத்தக் கணக்கு ஏழு, ஆறு, மூன்று. இறங்குவரிசை குலையவில்லை.

அப்படியானால் கேட்பவர் குழம்பமாட்டாரா? பெரும்பாலும் மாட்டார். 'ராமாப்யாம்' என்பதற்குப் பின் 'ததாதி' (கொடுக்கிறான்) வந்தால் அது நான்காம் வேற்றுமை. 'பிபேதி' (அஞ்சுகிறான்) வந்தால் ஐந்தாம் வேற்றுமை. அஃறிணைப் பொருளில் இது இன்னும் எளிது. 'பலம்' என்ற ஒரே வடிவம் எழுவாயாகவும் வரும், செயப்படுபொருளாகவும் வரும். பழம் யாரையும் தின்னாது என்பதால் ஐயத்துக்கு இடமில்லை. தமிழும் இதே வழியில்தான் போகிறது. 'பழம் விழுந்தது', 'பழம் தின்றான்' இரண்டிலும் பழத்துக்கு உருபு இல்லை. ஆனால் 'அவனைப் பார்த்தான்' என்பதில் 'ஐ'யை விட்டுவிட்டால் பார்த்தவனே அவன் என்றாகிவிடும். உருபு இல்லாமலே பொருள் விளங்கும் இடத்தில் தமிழ் அதை விட்டுக்கொடுக்கிறது. விளங்காத இடத்தில் விடாமல் பிடித்துக்கொள்கிறது.

(தொடரும்)