தேனீ அலமாரியில் அரசியல் சாசனம்

வாசகர்கள் கிளம்பியபின் நூலக உதவியாளரின் வேலை, முதுகில் ஒட்டிய டியூயி எண்ணைப் பார்த்து இடம் மாறிய புத்தகங்களைத் திருப்பி வைப்பது. அன்றிரவு தேனீ வளர்ப்பு நூல்களுக்கு (638) நடுவே இந்திய அரசியல் சாசன நூல் (342.54) ஒன்று இருந்தது. முதுகு சுவர்ப் பக்கம்.

அவர் சீட்டு எழுதத் தொடங்கினார்: எந்தப் புத்தகம், எங்கே கிடைத்தது. சில வாரங்களில் கோலம் தெரிந்தது.

அவசரக்கார வாசகர் வைத்தால் ஓரிரண்டு புத்தகம்தான் தள்ளிப் போகும். புதிதாகச் சேர்ந்த ஊழியரோ 54 பெரிது, 6 சிறிது என்று நினைத்து 342.54-ஐ 342.6-க்குப் பின்னால் வைத்துவிடுவார். தசமத்தில் அது முன்னால் வர வேண்டும்.

ஆனால் பல அலமாரி தாண்டிக் கிடந்தவை எல்லாம் போட்டித் தேர்வு நூல்கள். வீட்டுக்குத் தராத குறிப்புதவிப் பிரதிகள். நாளைக்கும் தமக்கே கிடைக்கட்டும் என்று தேர்வர்கள் ஒளித்தவை. கெட்டிக்காரத்தனம்தான், கணினியில் ‘இருக்கிறது’ என்று பார்த்துவிட்டுத் தேடி அலைபவரும் இன்னொரு தேர்வரே.

சீட்டுகளைப் பார்த்த நூலகர், அந்தத் தலைப்புகளில் கூடுதல் பிரதி கேட்டு எழுதினார். உதவியாளர் இப்போது முதலில் தேடுவது 638-இல்.