நீருக்குக் கீறிய கோட்டில் மிளகெண்ணெய்

மாத்தளையிலிருந்து நாவுல பக்கம் போகும் வீதியில் வாசனைத் திரவியத் தோட்டங்கள் வரிசையாக வரும். இங்கே விளையும் மிளகையும் கராம்பையும் நீராவியில் வடித்தால் இருவேறு குணமுள்ள எண்ணெய்கள் கிடைக்கும். மிளகெண்ணெய் நீரில் மிதக்கும். லீற்றருக்கு ஏறத்தாழ 0.87 கிலோ. கராம்பெண்ணெய் அடியில் தங்கும், லீற்றருக்கு 1.05 கிலோ. வடிக்கும்போது சொட்டுச் சொட்டாக விழுவதால் ஓட்டத்தை அளக்க வேலையில்லை. சேர்ந்த எண்ணெயைத் தாங்கியிலிருந்து பரலுக்கு மாற்றும்போதுதான் ரொட்டாமீற்றர் தேவைப்படும். கடையில் கிடைக்கும் மீற்றரின் கோடுகளோ பெரும்பாலும் நீரை ஓடவிட்டுக் கீறப்பட்டவை.

கருவி எளிமையானது. மேலே போகப் போக அகலும் கண்ணாடிக் குழாய் ஒன்று செங்குத்தாக நிற்கும். உள்ளே ஒரு மிதவை. 1908இல் ஜெர்மனியின் கார்ல் கூப்பர்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். கீழிருந்து வரும் திரவம் மிதவையைத் தூக்கும். மிதவை உயர உயர அதைச் சுற்றியுள்ள இடைவெளி பெருகி, தூக்கும் விசை தளரும். மிதவையின் எடையும் அந்த விசையும் சமமாகும் உயரத்தில் அது நின்றுவிடும்.

வாசிக்கும்போது கண் மிதவையின் மட்டத்தில் இருக்கவேண்டும். கீழிருந்து அண்ணாந்தோ மேலிருந்து குனிந்தோ பார்த்தால் கோடு தப்பும். உருண்டை மிதவையானால் அதன் நடுவை வாசிப்பார்கள். பம்பர வடிவமானால் மிக அகன்ற விளிம்பை. எதை வாசிப்பது என்பதைத் தயாரித்தவர் குறிப்பில் பார்த்துக்கொள்வதே நல்லது. சாய்ந்த வெட்டுகளுள்ள மிதவை சுழன்றுகொண்டே இருக்கும். சுழற்சி நின்றால் அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது என்று சந்தேகிக்கலாம். வால்வைச் சற்றுத் திருப்பியும் அசையாவிட்டால் கழற்றித் துடைக்கவேண்டியதுதான்.

இப்போது மிளகெண்ணெய் ஓடுகிறது. மிதவை 60 லீற்றர்/மணி கோட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் ஓடுவது அதைவிடக் கூட. காரணம் இரண்டு. இலேசான திரவத்தில் மிதப்பு விசை குறைவதால் மிதவை சற்றுக் கனத்துப்போகிறது. அதோடு இலேசான திரவம் அதே வேகத்தில் மோதினாலும் மென்மையாகவே தள்ளும். ஆகவே மிதவையை அதே உயரத்தில் நிறுத்த வேகம் கூடவேண்டும். தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால் கணக்கில் வர்க்கமூலம் வருகிறது:

```
Q = Qr × √[ (ρf − ρ) × ρw / ((ρf − ρw) × ρ) ]
```

Qr கோட்டில் தெரிவது. ρf மிதவையின் அடர்த்தி, ρ எண்ணெயினது, ρw நீரினது. மிதவை துருப்பிடிக்கா உருக்கானால் ρf ஏறத்தாழ 8. அடைப்புக்குள் 7.13-ஐ 7 × 0.87-ஆல் வகுத்தால் 1.171, அதன் மூலம் 1.082. ஆக, ஓடுவது 60 அல்ல, 64.9 லீற்றர். மணிக்கு 56.5 கிலோ.

கோட்டில் தெரியும் 60-ஐ அப்படியே 0.87-ஆல் பெருக்கினால் 52.2 கிலோதான் வரும். மணிக்கு 4 கிலோவுக்கு மேல் கணக்கில் விழாமல் போகும். மிளகெண்ணெய் விற்கும் விலையில் அதைச் சும்மா விடமுடியாது. நல்லவேளையாக, தராசு இதைக் காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடம் ஒரு வாளியில் பிடித்து நிறுத்தால் 9.4 கிலோ இருக்கவேண்டும். 8.7 இருந்தால் திருத்தம் பொருந்தவில்லை. மிதவையின் உலோகத்தையோ எண்ணெயின் அடர்த்தியையோ மறுபடி பார்க்கவேண்டும்.

மிதவை எதனால் ஆனது என்பது அவ்வளவு முக்கியம். அடர்த்தி 2.5 உள்ள கண்ணாடி உருண்டையானால் அதே எண்ணெய்க்குத் திருத்தம் 1.12 ஆகிவிடும். பிளாஸ்டிக் மிதவையில் அது இன்னும் ஏறும். அடர்த்தியில் திரவத்தை நெருங்கும் மிதவைக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

கராம்பெண்ணெய்க்கு இதே சூத்திரம் 0.972 தரும், 60 கோட்டுக்கு 58.3 லீற்றர். ஆனால் இந்த எண்ணை நான் நம்பமாட்டேன். கராம்பெண்ணெயில் பெரும்பங்கு யூஜினோல். 20 பாகையில் அதன் பிசுபிசுப்பு நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு. சூத்திரம் அடர்த்தியை மட்டும் பார்க்கிறது. பிசுபிசுப்பான திரவம் மிதவையை உரசியும் இழுத்து உயர்த்துவதால், உண்மையான ஓட்டம் 58-க்கும் கீழே போகலாம். எவ்வளவு கீழே என்பது மிதவையின் வடிவத்தையும் குழாயின் அளவையும் பொறுத்தது. இதற்கு ஒரே வழி, நான்கைந்து உயரங்களில் மிதவையை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எண்ணெயைப் பிடித்து நிறுத்து, அந்த மீற்றருக்கென்று சொந்தமாக ஒரு வரைபு கீறிக்கொள்வதுதான். காலையில் குளிர்ந்த எண்ணெயில் கீறிய வரைபு மத்தியான வெயிலில் சூடேறிய தாங்கிக்குப் பொருந்தாது. ஆகவே வரைபின் மூலையில் எண்ணெயின் வெப்பநிலையையும் எழுதிவைக்கவேண்டும்.