ஓடும்போது விலாவில் ஏன் குத்துகிறது?

மாலை ஐந்தரைக்கு ஓடக் கிளம்புகிறார் ஒருவர். அதற்கு அரை மணி நேரம் முன்பு, தெம்பாக இருக்கட்டும் என்று ஒரு பெரிய கிளாஸ் கரும்புச்சாறு குடித்திருக்கிறார். இரண்டாவது கிலோமீட்டரில் வலது விலாவுக்குக் கீழே கத்தியால் குத்துவது போல வலி. சிலருக்கு அதோடு தோள்பட்டை நுனியும் வலிக்கும்.

மூச்சுவிட உதவும் உதரவிதானத் தசைக்கு ரத்தம் போதாததால்தான் இந்தக் குத்து வருகிறது என்று நெடுநாள் நம்பப்பட்டது. ஆனால், ஓடுகிற அளவுக்கு மூச்சு வாங்காத குதிரைச் சவாரிக்காரர்களுக்கும் ஒட்டகச் சவாரிக்காரர்களுக்கும் இதே வலி வருகிறது. அதனால் ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேரன் மார்ட்டன் போன்றோரின் சந்தேகம் பெரிட்டோனியத்தின் மேல் விழுந்தது. வயிற்றின் உட்சுவரிலும் உதரவிதானத்தின் அடியிலும் படர்ந்திருக்கும் மெல்லிய உறை அது. உரசினால் சுள்ளென்று வலிக்கும். உதரவிதானத்துக்கு அடியில் இருக்கும் பகுதிக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு என்பதால் தோள் வலிக்கும் காரணம் கிடைக்கிறது. இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை என்றாலும், இதுவரை சொன்னவற்றில் எனக்குப் பொருத்தமாகப் படுவது இந்த விளக்கம்தான்.

வயிறு நிறைந்து புடைத்திருந்தால் அந்த உரசல் கூடும். கரும்புச்சாறு இங்கேதான் வினையாகிறது. அதிலும் பழச்சாறுகளிலும் நூறு மில்லிக்குப் பத்து கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கும். விளையாட்டு வீரர்களுக்கான பானங்களில் பெரும்பாலும் ஆறேழு கிராம்தான். சர்க்கரை அடர்த்தி கூடினால் இரைப்பை மெதுவாகவே காலியாகும். வெறும் தண்ணீரானால் சீக்கிரம் இறங்கிவிடும். அதையும் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு ஓடினால் குத்தத்தான் செய்யும்.

ஆகவே அவர் மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளட்டும். ஓடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் எதையும் நிறையக் குடிக்க வேண்டாம்; தாகமெடுத்தால் சில மடக்குத் தண்ணீர் போதும். கரும்புச்சாற்றை ஓடி முடித்த பிறகு குடிக்கலாம். நீண்ட ஓட்டத்தில் வழியில் குடிப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வைத்துக்கொள்வது நல்லது.

குத்து வந்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, வலிக்கும் இடத்தைக் கையால் அழுத்தியபடி முன்னால் குனிந்து, உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக விட வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

தொப்புளைச் சுற்றியோ அதற்குக் கீழோ முறுக்கிப் பிடித்து, கழிப்பறைக்கு ஓட வைக்கும் வலி வேறு வகை. ஓடும்போது ரத்தம் கால் தசைகளுக்குத் திரும்பிவிடுவதால் குடலுக்குப் போவது குறைகிறது. அந்த நேரத்தில் சுண்டல் போன்ற நார்ச்சத்துள்ள உணவோ, எண்ணெயில் பொரித்ததோ உள்ளே இருந்தால் குடல் திணறும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் காபியில் ஊற்றிய பாலே போதும். இவர்கள் நேரத்தோடு உணவின் வகையையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

நின்ற பிறகும் தணியாத வலியையும், நெஞ்சு அழுத்தத்தோடோ குளிர்ந்த வியர்வையோடோ வரும் வலியையும் விலாக்குத்து என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.