டிவி ஏன் போனின் கண்ணில் படுவதில்லை?

போனில் யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. டிவியிலும் ஓடுகிறது. இரண்டும் வீட்டு வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனால் போனில் பார்ப்பதை டிவிக்கு அனுப்பலாம் என்று தேடினால் காஸ்ட் செய்யும் குறியைக் காணோம். அல்லது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. டிவியை அணைத்துப் போடுகிறோம், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறோம், கடைசியில் இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போடுகிறோம். அவர்கள் வேகத்தைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். இந்தச் சிக்கலுக்கும் இணைய வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

யூடியூபை காஸ்ட் செய்யும்போது படம் போனிலிருந்து டிவிக்குப் போவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். போன் செய்வது, இந்தப் படத்தைப் போடு என்று டிவிக்குச் சொல்வது மட்டுமே. படத்தை இணையத்திலிருந்து டிவியே நேராக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சின்ன உத்தரவைச் சொல்ல வேண்டுமானால் போனுக்கு டிவி இருக்கும் இடம் தெரிய வேண்டும், அதனுடன் பேசவும் முடிய வேண்டும். பெரும்பாலும் முதல் படியிலேயே காரியம் கெடுகிறது.

டிவியின் முகவரியை யாரும் போனுக்கு முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை. ஆகவே போன், தெருமுனையில் நின்று குரல் கொடுப்பவரைப் போல, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வியை வீசுகிறது. எம்.டி.என்.எஸ். என்ற அந்த முறையில், 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில், `_googlecast._tcp.local` என்ற பெயரில் இங்கே யாராவது உண்டா என்று கேட்கிறது. காஸ்ட் வசதியுள்ள டிவி அதைக் கேட்டதும் தன் பெயரையும் ஐ.பி. முகவரியையும் பேச வேண்டிய போர்ட்டையும் சொல்கிறது. அந்தப் போர்ட் வழக்கமாக 8009. இந்தப் பதில் வந்த பிறகே காஸ்ட் குறி தலைகாட்டும். ஆப்பிளின் ஏர்பிளேயும் இதே முறையில்தான் தேடுகிறது. கேட்கும் பெயர் மட்டும் வேறு.

இந்தக் குரல் ரௌட்டரைத் தாண்டாது. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கு வருவதை ரௌட்டர் அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தக் கூடாது என்பது விதி. அப்படி ஒரு விதி இல்லாவிட்டால் ஊரில் உள்ள டிவியெல்லாம் நம் போனில் வந்து நிற்கும்.

இனி, குரல் எட்டாமல் போகும் இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

ஒன்று, கிளையன்ட் ஐசொலேஷன். வைஃபையில் இருக்கும் போன் டிவியுடன் நேராகப் பேசுவதில்லை. போன் சொல்வது ரௌட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பி டிவிக்கு வருகிறது. ஐசொலேஷன் போட்டிருந்தால், ஒரு வைஃபை கருவி இன்னொரு வைஃபை கருவிக்கு அனுப்புவதை ரௌட்டர் திருப்பிவிட மறுக்கிறது. இணையத்துக்குப் போவதை மட்டும் தாராளமாக விடுகிறது. இரண்டு கருவிகளிலும் நெட் ஒழுங்காக வேலை செய்வதால்தான் யாருக்கும் ரௌட்டர் மேல் சந்தேகம் வருவதில்லை.

விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இது பெரும்பாலும் தானாகவே போடப்பட்டிருக்கும். விடுதிகள், ஹாஸ்டல்கள், ஓட்டல் அறைகளிலும் அப்படித்தான். அங்கே அது இருப்பதே நியாயம் என்பேன். இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரர் உங்கள் டிவியில் தன் படத்தைப் போடலாம். உங்கள் மடிக்கணினியில் திறந்து வைத்திருக்கும் கோப்புறையையும் எட்டிப் பார்க்கலாம். வீட்டில் கதை வேறு. வைஃபை பாஸ்வேர்டு தெரிந்த விருந்தினருக்காக கெஸ்ட் நெட்வொர்க் வைத்து, பிறகு சுலபமாக இருக்கிறதே என்று டிவியையும் அதிலேயே சேர்த்துவிடுகிறோம். டிவியை முதன்மை வைஃபைக்கு மாற்றினால் போதும். முதன்மை வைஃபையிலேயே சிக்கல் என்றால் ரௌட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் AP Isolation அல்லது Client Isolation என்று இருக்கும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது இடம்தான் நம் மாடி வீடுகளில் அதிகம். கீழே ஃபைபர் கம்பெனி வைத்த பெட்டி இருக்கிறது. மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று கடையில் ஒரு ரௌட்டர் வாங்கி, கீழ்ப்பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து, அதன் WAN என்ற துளையில் செருகிவிடுகிறோம். மாடியில் நெட் வருகிறது, வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்தக் கணத்தில் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது.

எண்களைப் பார்த்தால் இது விளங்கும். கூடத்து டிவியின் நெட்வொர்க் அமைப்பில் 192.168.1.23 என்று இருக்கிறது. மாடியில் இருக்கும் போனின் வைஃபை விவரத்தில் 192.168.0.105. சாதாரண வீட்டு ரௌட்டர்களில் முதல் மூன்று எண்களும் ஒத்துப்போனால்தான் இரண்டும் ஒரே பகுதி. இங்கே மூன்றாவது எண் 1, 0 என்று மாறுகிறது. போன் கொடுக்கும் குரல் மாடி ரௌட்டரிலேயே நின்றுவிடும்.

இதில் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. மாடியில் ஒரு கணினியில் உட்கார்ந்து `ping 192.168.1.23` என்று அடித்தால் டிவியிடமிருந்து பெரும்பாலும் பதில் வந்துவிடும். முகவரி தெரிந்து அனுப்புவதை மாடி ரௌட்டர் கீழே கடத்திவிடுகிறது. பொதுவாகக் கேட்கும் கேள்வியைத்தான் அது கடத்துவதில்லை. அதாவது பாதை இருக்கிறது, கண்டுபிடிக்க வழியில்லை. ஐசொலேஷனில் இதற்கு நேர்மாறு. எண்கள் ஒரே பகுதியில் இருக்கும். அதே கட்டளைக்கு விண்டோஸ் கணினியில் `Destination host unreachable` என்று வரும். டிவி அணைந்திருந்தாலும் அதே வரி வரும் என்பதால், டிவியைப் போட்டுவிட்டுத்தான் இதைச் சோதிக்க வேண்டும்.

மாடி ரௌட்டரை Access Point Mode-க்கு மாற்றுவதே சரியான தீர்வு. அந்த வசதி இல்லாத பழைய ரௌட்டர் என்றால், முதலில் அதன் முகவரியை 192.168.1.2 போல யாரும் எடுக்காத ஒன்றாக மாற்றி, அதில் DHCP-யை அணைத்துவிட்டு, கேபிளை WAN-லிருந்து எடுத்து LAN துளை ஒன்றில் செருக வேண்டும். பிறகு போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் 192.168.1 என்று தொடங்கும் எண் கிடைக்கும். காஸ்ட் குறியும் வந்துவிடும். ஒரே ரௌட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு வேறு வேறு பெயர் இருப்பதைப் பலர் குற்றம் சொல்கிறார்கள். கெஸ்ட் நெட்வொர்க்காக இல்லாதவரை, அவை பெரும்பாலும் ஒரே பகுதிதான்.

அலுவலகங்களில் டிவிகளைத் தெரிந்தேதான் தனிப் பகுதியில் வைக்கிறார்கள். அங்கே கேள்வியையும் பதிலையும் இரு பக்கமும் எடுத்துச் சொல்லும் எம்.டி.என்.எஸ். ரிப்ளெக்டர் ஒன்றை அமைக்க வேண்டும், 8009 போன்ற போர்ட்டுகளை ஃபயர்வாலில் திறக்கவும் வேண்டும். முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் டிவியின் பெயர் போனில் வரும், தொட்டால் இணையாது. பெயரே வரவில்லையா, வந்தும் இணையவில்லையா என்று சொன்னாலே நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஓட்டல் அறையில் இந்த எதையும் நம்மால் மாற்ற முடியாது. அங்கே யூடியூபுக்கு மட்டும் ஒரு சுற்றுவழி இருக்கிறது. டிவியின் யூடியூப் அமைப்புகளில் TV code என்று ஓர் எண் கிடைக்கும். அதைப் போனில் உள்ள யூடியூபில் அடித்தால், இரண்டும் அறைக்குள் ஒன்றையொன்று தேடாமல் கூகுளின் சர்வர் வழியாக இணைந்துகொள்கின்றன. போனில் எடுத்து வைத்திருக்கும் கல்யாண வீடியோவுக்கு இந்த வழி உதவாது. டிவியிலும் போனிலும் மிராகாஸ்ட் இருந்தால் அதில் காட்டலாம். அது ரௌட்டரை நம்பாமல் இரண்டு கருவிகளுக்கும் நடுவே நேரடி வைஃபை இணைப்பைப் போட்டுக்கொள்ளும். ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது, அதற்கு எச்.டி.எம்.ஐ. அடாப்டரும் கேபிளும்தான்.