மாமாவிடம் யார் சொல்வது?

நுழைவுத் தேர்வில் தவறிய ஒரு பையனும் அவன் அம்மாவும் சமையலறை மேசையில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். இதை வைத்து ஒரு சிறுகதை எழுத வேண்டும். கேட்டதும் எளிதாகத்தான் தோன்றும், நம் ஊரில் நீட் முடிவு வந்தால் தெருவுக்கு ஒரு வீட்டில் நடப்பதுதானே! எழுத உட்காரும்போது சிக்கல் தெரியும். தேர்வு முடிந்துவிட்டது, முடிவும் வந்துவிட்டது, இனி யாரும் அதை மாற்ற முடியாது. மாற்ற முடியாத ஒன்றைப் பற்றியே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் புலம்பல் கிடைக்கும், கதை கிடைக்காது. கதை நகர, இன்னும் முடிவாகாத ஏதோ ஒன்று அந்த மேசைமேல் இருக்க வேண்டும்.

இந்தக் கதையில் அப்படி முடிவாகாமல் இருப்பது, தோல்வியை வெளியே சொல்வதா வேண்டாமா என்பதுதான். சொன்னால் ஒன்று நடக்கும், சொல்லாவிட்டால் வேறொன்று நடக்கும். இரண்டிலும் யாருக்கோ நஷ்டம்.

ஒரு வீட்டுச் செய்தி வாசல் தாண்டுவதும் தாண்டாததும் எத்தனை பெரிய வித்தியாசம் என்பதைத் தமிழில் ஜெயகாந்தனைவிட அழுத்தமாகக் காட்டியவர் இல்லை என்று நினைக்கிறேன். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழை நாளில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிப் பாதிக்கப்பட்டு வீடு திரும்பும் பெண், நடந்ததை அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா ஆத்திரத்தில் அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்க்கிறார்கள். அந்த நொடியில் அம்மா சுதாரித்து விஷயத்தை மறைத்து, மகளைத் தலைக்கு நீர் ஊற்றிக் குளிப்பாட்டி உள்ளே சேர்த்துக்கொள்கிறாள். பின்னால் ஜெயகாந்தனே அந்தக் கதையை எடுத்து, அம்மா மறைக்காமல் ஊரறியக் கத்தியிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று யோசித்தார். அந்த யோசனைதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக வளர்ந்தது. ஒரு அம்மா வாயைத் திறந்தாளா மூடினாளா என்பதில் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுக்கத் திசைமாறிவிடுகிறது.

நீட்டில் தவறிய பையனின் கதைக்கு அவ்வளவு பெரிய இடி தேவையில்லை. ஆனால் அதே கேள்வி தேவை: விஷயம் வெளியே போனால் யாருக்கு என்ன ஆகும்? பதில் துல்லியமாக இருக்க வேண்டும். ‘சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க’ என்று பொதுவாக விட்டால் கதை நிற்காது. எந்தச் சொந்தக்காரர், எந்தக் கிழமை, எந்த வீட்டில் கேட்கப்போகிறார் என்பது வரை எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். திருச்சி, ஆவணி மாதம். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பையன் நீட்டை இரண்டாம் முறை எழுதி 391 மதிப்பெண் வாங்கியிருக்கிறான். ஆடியிலேயே ஒரு கலைக் கல்லூரியில் பிஎஸ்சி விலங்கியல் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வருகிறான். அம்மா அதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

391 என்றால் தோல்வியா? இந்தக் கதையில் மிக வளமான இடம் இதுதான், எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிற இடமும் இதுதான். பள்ளித் தேர்வில் பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். நீட்டில் இருப்பது இரண்டு கோடுகள். முதல் கோடு தகுதி. பொதுப்பிரிவினர் 50-ஆவது பெர்சன்டைலையும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினர் 40-ஆவது பெர்சன்டைலையும் எட்ட வேண்டும். அதைத் தாண்டுகிறவர்கள் லட்சக்கணக்கில் உண்டு. இரண்டாவது கோடு சீட். அது எந்தத் தாளிலும் முன்கூட்டி அச்சடிக்கப்பட்டிருக்காது. கவுன்சலிங்கில் முன்னால் நிற்பவர்கள் எடுத்தது போக என்ன மிஞ்சுகிறதோ அதுதான். நம் பையன் முதல் கோட்டைத் தாண்டிவிட்டான், இரண்டாவது கோட்டை எட்டவில்லை. மதிப்பெண் அட்டை அவனைத் தகுதி பெற்றவன் என்கிறது. வீடு அவனைக் கோட்டைவிட்டவன் என்கிறது. ‘நான் ஃபெயிலாகலம்மா’ என்று அவன் சொன்னால் அது பொய்யில்லை. ‘சீட் கிடைச்சுதாடா?’ என்று அம்மா கேட்டால் அதற்கு அவனிடம் பதிலில்லை. ஒரே மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு இருவரும் உண்மையே பேசி மோத முடிகிறது. நல்ல சண்டைக் காட்சிக்கு இப்படி ஒரு நிலம் அமைவது அரிது.

இப்போது பேச்சைத் தொடங்கலாம். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். பையன் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறான்.

“ஞாயித்துக்கிழமை யாராச்சும் கேட்டா, கவுன்சலிங் இன்னும் முடியலன்னு சொல்லு.”

“எனக்கு முடிஞ்சிருச்சேம்மா.”

“அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு?”

“காலேஜ்ல சேந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அதக்கூடச் சொல்லக் கூடாதா?”

“பிஎஸ்சின்னு சொன்னா, அப்ப அது என்னாச்சுன்னு அடுத்த கேள்வி வரும்ல?”

இந்த ஐந்து வரியில் யாரும் அழவில்லை, ‘உனக்காக நான் பட்ட பாடு’ என்ற வசனமும் இல்லை. ஆனால் இருவருக்கும் என்ன வேண்டும் என்பது வந்துவிட்டது. அம்மாவுக்கு ஞாயிறு வரை அவகாசம் வேண்டும். பையனுக்கு, தான் இப்போது வாழ்கிற வாழ்க்கை ஒளித்துவைக்கப்படக் கூடாது. அம்மா மறைக்க நினைப்பது தேர்வைத்தான். ஆனால் அவள் சொல்லித்தரும் பொய்யில் அவனுடைய கல்லூரியும் சேர்ந்து காணாமல் போகிறது. அவனுக்கு வலிப்பது அங்கேதான். இது பிடிபட்டால், அவன் கோபத்தை வெறும் இளவயது முறைப்பாக எழுத மாட்டோம்.

‘அது என்னாச்சு’ என்கிறாள் அம்மா. நீட் என்ற பெயரை அவள் சொல்வதில்லை, ‘ஃபெயில்’ என்பதையும் சொல்வதில்லை. சொல்ல முடியாததைப் பெயர் சொல்லாமல் சுற்றிவருவது மனிதர்களின் இயல்பு. ஹெமிங்வே 1927-இல் வெளியான ஒரு கதையில், ஸ்பெயின் ரயில் நிலையத்தில் காத்திருக்கும் ஒரு ஜோடியைக் கருக்கலைப்பு பற்றி விவாதிக்க வைக்கிறார், ஆனால் அந்த வார்த்தை கதை முழுக்க ஓர் இடத்திலும் வராது. நம் வீடுகளில் ‘அது’, ‘அந்த விஷயம்’ என்று போகும் பேச்சுக்கு அந்த உத்தி தானாகவே பொருந்துகிறது. எழுதுபவர் செய்ய வேண்டியது, அந்தப் பெயர் எந்த வரியில், யார் வாயிலிருந்து வெடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது.

என் கணக்கில் அது அம்மாவின் வாயிலிருந்து, ஓர் எண்ணின் வடிவில் வர வேண்டும். நீட்டில் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4 கிடைக்கும், தவறான விடைக்கு 1 போகும், தொடாத கேள்விக்கு ஒன்றுமில்லை. பையன் 110 சரி, 49 தப்பு, 21 தொடவில்லை. 440-இல் 49 கழிந்து 391.

“தெரியாததத் தொடாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். நாப்பத்தொம்போது தப்பு. நீட்ல எவனாச்சும் நாப்பத்தொம்போது தப்பு போடுவானாடா?”

அவள் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். விடைக்குறிப்பு வந்த அன்றே யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறாள் என்பது அந்த ஒரு வரியில் பையனுக்கும் நமக்கும் ஒன்றாகத் தெரியவருகிறது. அவள் தூக்கம் வராமல் தவித்தாள் என்று ஒரு பக்கம் எழுதினாலும் இந்த இடம் கிடைக்காது.

கைகளையும் கவனிக்க வேண்டும். முருங்கைக்கீரை ஆய்வது பொறுமை கேட்கும் வேலை. ஈர்க்கைப் பிடித்து இலையை மட்டும் உருவ வேண்டும், காம்பு விழுந்தால் பொரியலில் நாக்கில் குத்தும். பேச்சு தணிந்திருக்கும்போது இலை மட்டும் விழுகிறது. நாற்பத்தொன்பது வந்த பிறகு முறத்தில் காம்பும் இலையும் கலந்து விழுகின்றன. பையன் தட்டைத் தள்ளிவிட்டு, ஒன்றும் பேசாமல் அந்தக் காம்புகளைப் பொறுக்கத் தொடங்கலாம். ‘அவள் மனம் கொதித்தது’ என்ற வரியை அதன்பிறகு தைரியமாக அடித்துவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் கதையில் ஒன்று குறைகிறது. அம்மா ஏன் இவ்வளவு பயப்படுகிறாள்? கௌரவம் என்று மட்டும் சொன்னால் அவள் சின்னவளாகிவிடுவாள். பையனுக்குத் தெரியாத ஒரு காரணம் அவளிடம் இருக்க வேண்டும், அது தேர்வோடு நேரடியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். முதல் முறை தவறியபின் அவனை ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்க்க 80,000 ரூபாய் தேவைப்பட்டது. அப்பா அவருடைய பி.எஃப்.பிலிருந்து எடுத்துக் கட்டினார் என்று பையன் நம்பிக்கொண்டிருக்கிறான்.

“அப்பா பணத்தத்தான வேஸ்ட் பண்ணேன்? அவரே ஒண்ணும் சொல்லல. மாமாவுக்கு என்ன வந்துச்சு?”

“அது மாமா பணம்டா.”

“எது?”

“வீட்டுக்குன்னு வெச்சிருந்தது. காம்பவுண்டுச் சுவர் பாதியில நிக்குது. ஞாயித்துக்கிழமை நீயே பாப்ப.”

இந்தத் திருப்பம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. கிரகப்பிரவேசம் முதல் வரியிலிருந்தே இருந்தது, மாமாவும் இருந்தார். ஏற்கெனவே மேசைமேல் கிடந்த இரண்டுக்கும் நடுவே இருந்த முடிச்சுதான் இப்போது தெரிகிறது. அம்மா ஊருக்குப் பயப்படவில்லை, தன் தம்பியின் முகத்தைப் பார்க்கத்தான் அஞ்சுகிறாள். பையனும் இதுவரை தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த தோல்வியில் இன்னொருவருக்கும் பங்கிருப்பதை இப்போதுதான் அறிகிறான். தன் வாழ்க்கையைச் சொல்லிக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு என்ற அவன் வாதம் இதனால் பொய்யாகிவிடவில்லை. அதன் விலை மட்டும் தெரிந்துவிட்டது. யாரையும் தோற்கடிக்காமல் இருவரின் நியாயமும் கூடுவது இந்த இடத்தில்தான்.

இங்கிருந்து பையனை மரணத்தின் பக்கம் கொண்டுபோகும் ஆசை எழுதுபவருக்கு வரலாம். நீட்டின் பெயரால் நாம் இழந்த பிள்ளைகளை நினைத்தால் அந்த ஆசைக்குக் காரணமும் புரிகிறது. இருந்தாலும் வேண்டாம் என்பேன். மரணம் வந்துவிட்டால் அம்மாவின் பயம், மாமாவின் சுவர், அந்த 49 எல்லாம் அற்பமாகிவிடும். மறுநாள் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து விலங்கியல் வகுப்புக்குப் போகிற பையன்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. அவர்களுக்கும் ஒரு கதை வேண்டும்.

முடிவு எங்கே? சமாதானம் வேண்டியதில்லை, சண்டை தொடரலாம். ஆனால் சண்டையின் பொருள் மாறியிருக்க வேண்டும்.

“சாப்பாட்டுக்கு முன்னாடி தனியாக் கூப்ட்டு நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத.”

“நான் சொல்றேன்.”

“நீ எதுக்குடா சொல்லணும்? கேட்டு வாங்குனது நான்.”

“எழுதுனது நான்தானம்மா.”

சொல்வதா வேண்டாமா என்று தொடங்கிய சண்டை, யார் சொல்வது என்று வந்து நிற்கிறது. பேனாவை இங்கே வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலெடுத்து வைத்தால், மாமா என்ன சொன்னார், அத்தைக்கு இந்தப் பணம் தெரியுமா, சுவர் எப்போது எழும்பியது என்று ஒவ்வொன்றும் தனக்கான இடத்தைக் கேட்கும். அவற்றுக்கு இடம் கொடுக்கத் தொடங்கினால் மேசையும் அந்த இரண்டு பேரும் பின்னால் போய்விடுவார்கள். அதை எழுதலாம், ஆனால் அதற்குச் சிறுகதை போதாது, நாவல் வேண்டும்.