குண்டைத் தள்ளுவது யார்?

பிரேசர் டவுனில் ஏழாம் வகுப்புப் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் ஸ்பிரிங், கேஸ், எலெக்ட்ரிக் என்று மூன்று வகை இருக்கிறதாமே, எது நல்லது? புதிதாக விளையாடுகிறவன் எதை வாங்கலாம்?” கேள்வியின் பின்பாதிக்கு விடை சொல்ல வேண்டுமானால் முன்பாதியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.

ஏர்சாஃப்ட் 1970களில் ஜப்பானில் பிறந்த விளையாட்டு. அங்கே பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. அதனால், பார்க்க அசல் போலவே இருந்து, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு மட்டும் போடும் துப்பாக்கிகளை அங்கே செய்தார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் போட்டிகளில் சுடுகிறாரே, அந்த ஏர் ரைஃபிள் வேறு. அதில் போவது ஈயக் குண்டு.

முதலில் ஸ்பிரிங் வகை. துப்பாக்கிக்குள் ஒரு குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனுக்குப் பின்னால் ஸ்பிரிங். மேல்பகுதியைக் கையால் பின்னுக்கு இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும், ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கையின் உழைப்பு இப்போது ஸ்பிரிங்கில் நிலையாற்றலாக அடங்கியிருக்கிறது. விசையை அழுத்தினால் கொக்கி விடுபடும், பிஸ்டன் முன்னால் பாயும், குழாயில் இருக்கும் காற்று நெருக்கப்பட்டுக் குண்டைத் தள்ளிவிடும். ஸ்பிரிங் குண்டைத் தொடுவதே இல்லை. இடையில் இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு, அவ்வளவுதான். பிஸ்டனின் தலையில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்துபோனால் காற்று ஓரமாகக் கசியும். சத்தம் வழக்கம்போலவே கேட்கும், குண்டு மட்டும் பாதி தூரத்தில் விழும். அப்போது பழுது வளையத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது எலெக்ட்ரிக் வகை. பேட்டரி மின்சாரமே குண்டைத் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை! அதற்குள்ளும் அதே ஸ்பிரிங், அதே பிஸ்டன், அதே காற்றுதான். உங்கள் கை செய்த வேலையை ஒரு மோட்டார் செய்கிறது, வேறு வித்தியாசம் இல்லை. மோட்டார் மூன்று பற்சக்கரங்களைச் சுழற்றும். மூன்றாவது சக்கரத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது: அதன் விளிம்பில் ஒரு பகுதிக்கு மட்டுமே பல் உண்டு, மீதி வழுவழுப்பு. பல் இருக்கும் பகுதி பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே போகும். பல் தீர்ந்ததும் பிடி விட்டுப்போகும், பிஸ்டன் பாயும், குண்டு கிளம்பும். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு குண்டு. நொடிக்குப் பத்துக்கும் மேல்கூடப் போகும். டோக்கியோ மருயி என்ற ஜப்பானிய நிறுவனம் 1991இல் இந்த ஏற்பாட்டோடு ஃபாமாஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கியின் நகலை விற்கத் தொடங்கியது. இன்றைய எலெக்ட்ரிக் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அதே வழியில்தான் செய்யப்படுகின்றன.

இப்போது ஒரு புதிர். பேட்டரி பாதி இறங்கிவிட்டது. குண்டின் வேகம் குறையுமா?

ஏறக்குறைய குறையாது. மோட்டார் மெதுவாகச் சுழலும், அதனால் நொடிக்குப் போகும் குண்டுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் ஸ்பிரிங் எப்போதும் அதே தூரம்தான் சுருங்குகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அதே தள்ளு கிடைத்துவிடும்.

கேஸ் வகையின் கதை வேறு. இங்கே ஸ்பிரிங் அமுக்கும் காற்றுக்குப் பதிலாக, குண்டு அடுக்கும் பெட்டிக்குள்ளேயே திரவமாக்கிய வாயு இருக்கும். விசையை அழுத்தினால் ஒரு வால்வு நொடிப்பொழுது திறக்கும், வாயு சீறி வந்து குண்டைத் தள்ளும். பல கைத்துப்பாக்கிகளில் அதே வாயு மேல்பகுதியையும் பின்னுக்குத் தள்ளுவதால் கையில் ஒரு உதறல் தெரியும். விளையாடுகிறவர்களுக்கு அதில்தான் ஆசை.

ஆனால் அந்த வாயுவின் அழுத்தத்தை வெப்பநிலைதான் முடிவு செய்கிறது. பிரேசர் டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், டிசம்பர் விடியற்காலையில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். ஏப்ரல் மதியம் 35 டிகிரியை எட்டும். ஜப்பானில் பரவலாகப் பயன்படும் 134ஏ என்ற வாயுவுக்கு 15 டிகிரியில் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றைப்போல் சுமார் 5 மடங்கு, 35 டிகிரியில் சுமார் 9 மடங்கு. துப்பாக்கியும் வாயுவும் அதேதான், மாதம் மட்டும் மாறியிருக்கிறது! வேகம் அதே விகிதத்தில் ஏறாவிட்டாலும் நன்றாகவே மாறிவிடும். குளிரில் குண்டு சோர்ந்து விழும், வெயிலில் வரம்பை மீறிப் பாயும்.

போதாக்குறைக்கு, விடாமல் சுட்டால் துப்பாக்கி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். ஊசி போடும் முன் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, அதே காரணம்தான். திரவம் வாயுவாக மாறும்போது பக்கத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதல் சில குண்டுகள் நன்றாகப் போய், பிறகு மேல்பகுதி சோம்பலாக நகர்ந்தால், பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். சில நிமிடம் சும்மா வைத்தால் தேறிவிடும். அவசரப்பட்டு அதை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கவே கூடாது. அழுத்தம் ஏறி வெடிக்கக்கூடும்.

எந்த வகையானாலும் குண்டு எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்பதுதான் பெரிய விஷயம். கணக்கு எளிது: நிறையைக் கிலோகிராமில் எழுதி, வேகத்தால் இருமுறை பெருக்கி, பாதியாக்குங்கள். 0.2 கிராம் குண்டு நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் போனால் 0.81 ஜூல். ஜப்பானியச் சட்டம் 2006 முதல் இந்த அளவுக் குண்டுக்கு 0.98 ஜூலை உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. ஆனால் அங்கே 10 வயதுப் பிள்ளைகளுக்கென்று விற்பவை 0.135 ஜூலைத் தாண்டக்கூடாது. ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! தோலில் பட்டால் சுரீரென்று வலிக்கும், கண்ணில் பட்டால் அதுவே பார்வையைக் கெடுத்துவிடலாம். சுவரில் பட்டுத் திரும்பி வரும் குண்டும் அப்படித்தான். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடும் அடிதாங்கும் கண்ணாடி வேண்டும்.

இன்னொரு ஆபத்து குண்டே இல்லாமல் வருவது. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைப் போலீஸ்காரர் சுட்டார், அந்தப் பிள்ளை இறந்துபோனான். பொம்மை என்று காட்டும் ஆரஞ்சு நிற முனை அந்தத் துப்பாக்கியில் இல்லை. அதனால் கோல்ஸ் பார்க்கிலோ மசூதி சாலையிலோ இதைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே தவறு. பையில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும்.

சரி, எதை எடுப்பது? மைதானத்தில் குழுவாக விளையாடத் தொடங்கும் பெரியவர் என்றால் எலெக்ட்ரிக் என்பேன். குளிரானாலும் வெயிலானாலும் வேகம் மாறாது, கையும் வலிக்காது. பேட்டரி மட்டும் உப்பியிருந்தால் சார்ஜ் போடாமல் தூக்கி ஓரம் வைத்துவிட வேண்டும். கேஸ் வகை பழகியவர்களுக்கு, அதுவும் பராமரிக்கப் பொறுமை இருந்தால் மட்டும். ஏழாம் வகுப்பு நண்பரே, உங்களுக்கு ஸ்பிரிங்தான், அதிலும் ஆற்றல் மிகக் குறைந்தது. மூடிய இடத்தில், அட்டைப்பெட்டியை இலக்காக வைத்து, பெரியவர் ஒருவர் கூடவே நிற்க விளையாடுங்கள். வாங்கும் முன் நம் நாட்டுச் சட்டம் அந்த மாதிரியை அனுமதிக்கிறதா என்று அப்பாவையோ அம்மாவையோ விசாரிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி வாங்கக் காசு போதவில்லை என்றால், துப்பாக்கியை அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம்.