நடுவில் நிற்கும் கணினி யாருடையது?

மாணவர்களே, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கணக்காளருக்கு அலுவலகம் இருக்கிறது. வீடு பட்டர்வொர்த்தில் என்று வைத்துக்கொள்வோம். இரவில் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியின் திரையைப் பார்த்து அதை இயக்க விரும்புகிறார். நடுவில் இருப்பது சில கிலோமீட்டர் கடல்தான். ஆனாலும் அவருடைய கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாமல் போகலாம்.

காரணம் ரவுட்டர். உள்ளிருந்து அனுப்பியதற்கு வரும் பதிலை மட்டுமே அது உள்ளே விடும்; முன்பின் தெரியாத அழைப்பைத் தடுத்துவிடும். எனவே இரு கணினிகளும் முதலில் ஒரு பொதுவான சர்வரைத் தொடர்புகொள்கின்றன. அது ஒன்றின் முகவரியை மற்றொன்றுக்குச் சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்ப, வருவது பதில்தான் என்று இரு ரவுட்டர்களும் வழிவிடுகின்றன. பலர் ஒரே முகவரியைப் பகிரும் கைப்பேசி இணையத்தில் இந்த உத்தி பல நேரங்களில் பலிக்காமல் போகலாம். அப்போது எல்லாத் தகவலும் ரிலே என்னும் இடைநிலைக் கணினி வழியாகவே போய்வரும்.

அந்த ரிலே எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ரிலே ஜெர்மனியில், 10,000 கிலோமீட்டர் தூரத்தில் இருந்தால், நாம் அழுத்திய விசை அங்கே போய் அலுவலகத்துக்குத் திரும்ப 20,000 கிலோமீட்டர். திரையின் மாற்றம் நம்மிடம் வந்து சேர இன்னொரு 20,000. மொத்தம் 0.2 வினாடி. இது ஒளியின் பயண நேரம் மட்டுமே. சிங்கப்பூர் சுமார் 600 கிலோமீட்டர்தான்; அங்கே ரிலே இருந்தால் இதே கணக்கில் 0.012 வினாடி போதும்.

டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றில் இந்தச் சர்வர்களை நிறுவனமே நடத்துகிறது. ரஸ்ட்டெஸ்க் என்னும் திறந்த மூல மென்பொருளில் நாமே நடத்தலாம். அதற்கு இரண்டு நிரல்கள் உண்டு: முகவரி சொல்வது `hbbs`, ரிலேயாக நிற்பது `hbbr`.

சொந்த சர்வரால் அந்தரங்கம் கூடுமா? திரைக்காட்சி ஒரு முனையில் பூட்டப்பட்டு மறுமுனையில்தான் திறக்கப்படுகிறது. ரிலே நடத்துபவர் அதைப் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் இணைந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதோடு, "இதுதான் அந்த அலுவலகக் கணினியின் பூட்டு" என்று நமக்குச் சொல்வதும் முகவரி சர்வர்தான். அது பொய் சொன்னால், நடுவில் ஒருவர் நுழைந்துவிடலாம்.

2024 பிப்ரவரி 2-ஆம் தேதி, தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக எனிடெஸ்க் அறிவித்தது. பயனர்களின் கணினிகள் பாதிக்கப்பட்டதற்குச் சான்று இல்லை என்றது. ஆயினும் பாதுகாப்புச் சான்றிதழ்களை ரத்து செய்தது. தன் இணைய வாசலின் கடவுச்சொற்களையும் செல்லாதவை ஆக்கியது. பலருக்கும் பொதுவான சர்வர் தாக்கப்பட்டால் இப்படி எல்லாரும் சேர்ந்து கவலைப்பட வேண்டியிருக்கும். அதே வேளை, அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய அங்கே ஒரு குழுவும் இருந்தது.

நம் கணக்காளர் சிங்கப்பூரில் ஒரு சிறு சர்வரை வாடகைக்கு எடுக்கிறார். முதன்முறை இயங்கும்போது `hbbs` இரண்டு சாவிக் கோப்புகளை உருவாக்கும். `id_ed25519.pub` என்பதில் உள்ள எழுத்துகளை அவர் தம் இரு கணினிகளிலும் பதிகிறார். `id_ed25519` இரகசியமானது, அதைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். சர்வர் பழுதாகி அது தொலைந்தால், எல்லாக் கணினிகளிலும் புதிய சாவியைப் பதிய நேரிடும்.

அடுத்து, சர்வரின் வாசல்களைத் திறக்க வேண்டும். 21116 வாசலை TCP, UDP இரண்டுக்கும் திறக்க வேண்டும். UDP-ஐ மறந்தால் கணினி சர்வரில் பதிவாகாது. 21117 ரிலேயின் வாசல். இதை மறந்தால் வரும் கோளாறு விசித்திரமானது: வீட்டு இணையத்தில் நேரடி இணைப்பு கிடைத்துவிடுவதால் எல்லாம் சரியாகத் தோன்றும், கைப்பேசி இணையத்துக்கு மாறியதும் நின்றுபோகலாம். எனவே இரண்டிலும் சோதிக்க வேண்டும். இணைந்திருக்கும்போது இணைப்புச் சின்னத்தின்மேல் சுட்டியை வைத்தால் `Direct and encrypted connection` அல்லது `Relayed and encrypted connection` என்று காட்டும்.

இனி அந்தச் சர்வர் நள்ளிரவில் நின்றாலும், புதுப்பிக்காமல் விட்டு யாராவது உள்ளே புகுந்தாலும், பொறுப்பு அவருடையதே. நிறுவனத்திடம் பல சர்வர்கள் உண்டு. ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும். இவரிடம் இருப்பது ஒன்றுதான். மாதம் ஒருமுறையாவது புதுப்பிக்க நேரமில்லாதவருக்கு நிறுவனத்தின் சேவையே பாதுகாப்பானது. வாடிக்கையாளர் விவரங்கள் தம் கைக்குள் இருக்க வேண்டும், பராமரிக்கவும் ஆள் உண்டு என்றால் சொந்த ரிலே பொருந்தும்.

எந்த வழியானாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். "வங்கியிலிருந்து பேசுகிறேன், திரையில் உள்ள எண்ணையும் கடவுச்சொல்லையும் சொல்லுங்கள்" என்று கேட்பவரிடம் அவற்றைக் கொடுத்துவிட்டால், எவருடைய சர்வரும் நம்மைக் காப்பாற்றாது.